ஆள் தெரிவதற்கு முன்பே குரல் கேட்பது ஏன்? ‘ஜே-கட்’, ‘எல்-கட்’ எடிட்டிங் எப்படி வேலை செய்கிறது?

2018 டிசம்பரில் வெளியான ‘கே.ஜி.எஃப்: சாப்டர் 1’ படத்தின் தொடக்கத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஆனந்த் இங்கலகி என்ற வயதான எழுத்தாளர் (அனந்த் நாக்) ஒரு தொலைக்காட்சிப் பத்திரிகையாளரிடம் (மாளவிகா அவினாஷ்) ராக்கியின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். முதலில் அவர் முகம் தெரிகிறது. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் மட்டும் பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. குரல் அங்கேயே நிற்காமல் கூடவே வருகிறது. நாம் பல வருடங்களைத் தாண்டியிருக்கிறோம். ஆனாலும் ‘அட, சீன் மாறிடுச்சே’ என்று யாரும் சீட்டில் நெளிவதில்லை.

இயக்குநர் பிரசாந்த் நீலும் எடிட்டர் ஸ்ரீகாந்தும் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்க எடிட்டிங் மேசைகளில் தினமும் நடக்கிற வேலைதான் இது. பெயர் ‘எல்-கட்’. இதைத் திருப்பிப் போட்டால் ‘ஜே-கட்’.

ரீல்ஸ், ஆவணப்படம், பாட்காஸ்ட் வீடியோ என்று இன்று பலரும் எடிட் செய்கிறார்கள். அவர்கள் வேலையில் பெரும்பாலும் தடுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஷாட் எல்லாம் நன்றாக இருக்கும், பேச்சும் நன்றாக இருக்கும், ஆனால் காட்சி மாறும் ஒவ்வொரு இடத்திலும் ‘டக்’கென்று ஒரு இடி விழும். அந்த இடி எங்கிருந்து வருகிறது, அதை எப்படி எடுப்பது, எப்போது எடுக்கவே கூடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

பெயர் எப்படி வந்தது?

எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் மேலே படம் ஒரு பட்டையாகவும், கீழே ஒலி இன்னொரு பட்டையாகவும் இருக்கும். சாதாரண கட்டில் இரண்டு பட்டைகளும் ஒரே ஃபிரேமில் முடியும். அடுத்த கிளிப்பின் படமும் ஒலியும் அதே ஃபிரேமில் தொடங்கும். இதை நேர்வெட்டு என்று வைத்துக்கொள்வோம்.

எல்-கட்டில் முதல் கிளிப்பின் படம் சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் அதன் ஒலி வலதுபக்கம் நீண்டுகொண்டே போகும். கீழே வலப்பக்கம் கால் நீட்டிய ஆங்கில ‘எல்’ எழுத்து மாதிரி அந்தக் கிளிப் தெரியும். பார்ப்பவருக்கு என்ன நடக்கிறது? அடுத்த காட்சியைப் பார்க்கிறார், முந்தைய ஆளின் பேச்சைத்தான் இன்னும் கேட்கிறார்.

ஜே-கட்டில் இரண்டாவது கிளிப்பின் ஒலி முந்திக்கொள்ளும். படத்துக்குக் கீழே இடதுபக்கம் கொக்கி போல நீண்டிருப்பதால் அது ‘ஜே’. இங்கே பார்வையாளர் இன்னும் பழைய காட்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆனால் அடுத்த காட்சியின் சத்தம் காதில் விழத் தொடங்கிவிட்டது.

சுருக்கமாக: ஒலி பின்தங்கினால் எல், ஒலி முந்தினால் ஜே. அவ்வளவுதான்.

ஏன் உறுத்துவதில்லை?

நேர்வெட்டில் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நொடியில் எல்லாமே மாறுகிறது. பிடித்துக்கொள்ள பழையது எதுவும் மிச்சமில்லை. அதனால் ஒட்டு போட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது. ஜே-கட்டும் எல்-கட்டும் இந்த இரண்டு மாற்றங்களையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைக்கின்றன. படம் மாறும்போது ஒலி கையைப் பிடித்துக்கொள்கிறது, ஒலி மாறும்போது படம் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம், நிஜ வாழ்க்கையிலும் நாம் அப்படித்தான் உலகத்தை உணர்கிறோம். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது யார் அடுத்துப் பேசப்போகிறார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே நாம் திரும்புவதில்லை. குரல் கேட்கிறது, அப்புறம்தான் தலை திரும்புகிறது. அதுவே ஜே-கட். அதேபோல் ஒருவர் நம்மிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதைக் கேட்கும் இன்னொருவரின் முகத்தைப் பார்க்கிறோம். அது எல்-கட். ஒருவர் வாயை மூடிய அதே கணத்தில் அடுத்தவர் முகத்துக்குத் தாவும் நேர்வெட்டுதான் நம் பழக்கத்தில் இல்லாதது.

ஒரு காட்சியை எடுத்து வெட்டிப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு சிறிய ஆவணப்படக் காட்சியைக் கற்பனை செய்வோம். இடம் கோலார் தங்கவயல். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பெரும்பகுதி விடியற்காலை ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறது. நம் படத்தில் வருவது அப்படி ஒரு வீடு. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பேத்திக்கு பெங்களூருவில் வேலை. படம் எடுப்பதும் அவளே.

முதல் காட்சியில் லைன் வீட்டுத் திண்ணையில் தாத்தா பேசுகிறார்:

“கேஜுல எறங்கும்போது காது அடைச்சுக்கும்மா. மேல பாத்தா வெளிச்சம் சின்னப் பொட்டு மாதிரி ஆயிடும். அப்புறம் அதுவும் இருக்காது.”

இதைச் சொல்லிவிட்டு நாலு நொடி பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது காட்சி, இன்னும் விடியாத நேரம். மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பிய ரயிலின் ஜன்னல். வெளியே இருட்டு. பேத்தி போனில், “அம்மா, ஏறிட்டேன். பங்காருப்பேட்டை தாண்டினதும் கூப்பிடுறேன்” என்கிறாள்.

கணக்கு எளிதாக இருக்க, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட்.

முதல் வழி: நேர்வெட்டு. ‘அதுவும் இருக்காது’ முடிந்ததும் வெட்டி, ரயிலைப் போடுகிறோம். திண்ணையின் அமைதியிலிருந்து ரயில் சத்தம் முழு வேகத்தில் வந்து மோதுகிறது. தாத்தா சொன்னது என்னவென்று மனதில் இறங்கும் முன்பே அது துடைத்தெறியப்படுகிறது. மேலும் தாத்தா கதை ஒன்று, பேத்தி கதை வேறொன்று என்று படம் இரண்டாக உடைந்துவிடுகிறது.

இரண்டாவது வழி: எல்-கட். ‘சின்னப் பொட்டு மாதிரி ஆயிடும்’ வரை தாத்தா முகத்தை வைத்திருக்கிறோம். அதன் பிறகு வரும் இடைவெளியில், கடைசி வாக்கியம் தொடங்க 10 ஃபிரேம் இருக்கும்போது படத்தை மட்டும் இருட்டு ஜன்னலுக்கு மாற்றுகிறோம். ‘அப்புறம் அதுவும் இருக்காது’ என்று சொல்ல அவருக்கு இரண்டு நொடி, அதாவது 50 ஃபிரேம் ஆகிறது. ஆக மொத்தம் 60 ஃபிரேம், 2.4 நொடி, தாத்தாவின் குரல் பேத்தியின் ஜன்னல் மேல் படர்கிறது. ரயில் சத்தம் படத்தோடு மிக மெதுவாகத் தொடங்கி, அந்த 60 ஃபிரேமுக்குள் படிப்படியாக ஏறி, குரல் முடியும்போது தன் முழு அளவுக்கு வருகிறது. அதற்கு ஒன்றரை நொடி கழித்து, “அம்மா, ஏறிட்டேன்.”

இப்போது ஒரு புதிய விஷயம் நடந்துவிட்டது. தாத்தா சுரங்கத்தைப் பற்றிச் சொன்னார். நாம் பார்ப்பது பேத்தியின் இருட்டு. அவர் ஆழத்துக்கு இறங்கினார், இவள் தூரத்துக்குப் போகிறாள் என்ற வாக்கியத்தை யாருமே சொல்லவில்லை. பார்ப்பவர் தானாகச் சேர்த்துக்கொள்கிறார்.

மூன்றாவது வழி: ஜே-கட். தாத்தாவின் அந்த நாலு நொடி மௌனத்தை வெட்டாமல் அப்படியே விடுகிறோம். இரண்டரை நொடி எதுவும் இல்லை. அதன் பிறகு, அவர் முகம் இன்னும் திரையில் இருக்கும்போதே, எங்கிருந்தோ இரும்பு உருளும் சத்தம் மெல்லக் கேட்கத் தொடங்குகிறது. ஒன்றரை நொடி, சுமார் 37 ஃபிரேம், அது வளர்கிறது. அந்த நேரத்தில் பார்ப்பவர் காதுக்கு அது ரயில் இல்லை. தாத்தா இப்போதுதான் கேஜைப் பற்றிப் பேசினார், அதனால் அது கேஜ் இறங்கும் சத்தம். படம் ரயில் ஜன்னலுக்கு மாறிய பிறகுதான், ‘ஓ, இது ரயில்’ என்று புரிகிறது.

ஒரு சத்தத்தை ஒன்றாகக் கேட்கவைத்து, படம் வந்ததும் வேறொன்றாக மாற்றும் இந்த உத்தி பழையது. ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ (1935) படத்தில் ஒரு பெண் பிணத்தைப் பார்த்து அலற வாயைத் திறக்கிறாள். அலறலுக்குப் பதில் நாம் கேட்பது ரயிலின் ஊதல். அடுத்த ஷாட்டில் ரயில் சுரங்கப்பாதையிலிருந்து பாய்ந்து வருகிறது.

மூன்றில் எது சரி? இந்தக் காட்சிக்கு நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். காரணம் அந்த மௌனம். எல்-கட் அழகாக இருக்கிறது, ஆனால் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தாத்தாவின் முகத்தை அது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்த நேரமும் போய்விடுகிறது. பேத்தி திரும்ப எடுக்கமுடியாத நாலு நொடி அது.

ஜே-கட்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த மௌனத்தின் மேல் ரயில் சத்தத்தை வைக்கலாம், “அம்மா, ஏறிட்டேன்” என்ற பேச்சை வைக்கக்கூடாது. பேச்சு வந்த உடனே காது வார்த்தையைப் பிடிக்க ஓடிவிடும், முகம் காணாமல் போகும்.

இரண்டு பேர் பேசும் இடத்தில்

காட்சி மாறும் இடத்தில் மட்டுமல்ல, ஒரே காட்சிக்குள் இரண்டு பேர் பேசும்போதும் இதே வேலைதான். பேத்தி கேட்கிறாள், “பயமா இருக்காதா தாத்தா?” தாத்தா கொஞ்சம் யோசித்து, “பயமா? பயந்தா சோறு யாரு போடுவா?” என்கிறார்.

கேள்வி முழுக்க அவள் முகம், பதில் முழுக்க இவர் முகம் என்று வெட்டினால் டேபிள் டென்னிஸ் பார்ப்பது மாதிரி கழுத்து வலிக்கும். வாய் அசைகிறவரை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கும் எடிட் அது.

இங்கே யாருடைய முகத்தில் விஷயம் இருக்கிறது என்று கேளுங்கள். கேள்வி வந்து தாத்தாவைத் தொடும் கணம்தான் முக்கியம் என்றால், கேள்வி முடிவதற்கு 10 ஃபிரேம் முன்பே அவர் முகத்துக்குப் போய்விடுங்கள். ‘…காதா தாத்தா?’ என்பதைக் கேட்டபடியே அவர் கண் மாறுவதைப் பார்ப்போம். இது எல்-கட். பதிலைக் கேட்டு பேத்தி என்ன ஆகிறாள் என்பதுதான் முக்கியம் என்றால், அவள் முகத்திலேயே நில்லுங்கள். ‘பயமா?’ என்ற அவர் குரல் வெளியிலிருந்து வரட்டும். அதன் பிறகு அவரிடம் போங்கள். இது ஜே-கட்.

தமிழில் எடிட் செய்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. நம் வாக்கியத்தின் முடிச்சு கடைசியில்தான் அவிழும். ‘நான் அங்க போய் அவரைப் பாத்து எல்லாத்தையும் சொல்ல…’ என்பது வரை கேட்டாலும், சொன்னாரா, சொல்லவில்லையா, சொல்லப் போகிறாரா என்று தெரியாது. ஆமாவும் இல்லையும் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ஆகவே எல்-கட்டில் படத்தை எங்கே மாற்றுகிறோமோ, அந்த வால் விழும் முகம்தான் வாக்கியத்தின் கனத்தை வாங்கிக்கொள்ளும். ‘சொல்லல’ என்பது சொன்னவர் முகத்தில் விழுந்தால் அது அவருடைய ஒப்புதல். கேட்பவர் முகத்தில் விழுந்தால் அது அவருடைய காயம். ஆங்கிலப் பயிற்சி வீடியோக்களைப் பார்த்து ‘கடைசி வார்த்தைக்கு முன்னாடி வெட்டு’ என்று மனப்பாடம் செய்தால், தமிழில் பல நேரம் முக்கியமான சொல்லே தவறான முகத்தின் மேல் போய் விழும்.

மேசையில் எப்படிச் செய்வது?

முதலில் கண்ணை மறந்துவிட்டு ஒலியைச் சரிசெய்யுங்கள். பேச்சு, இடைவெளி, மூச்சு எல்லாம் ரேடியோவில் கேட்டால் ஒழுங்காக இருக்கவேண்டும். படம் எங்கே வெட்டுகிறது என்று இந்தக் கட்டத்தில் கவலை வேண்டாம், எல்லாம் நேர்வெட்டாகவே இருக்கட்டும்.

அடுத்து, ஒலியைத் தொடாமல் படத்தின் வெட்டை மட்டும் நகர்த்துங்கள். டைம்லைனில் படமும் ஒலியும் பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பைத் தற்காலிகமாக விட, பிரீமியர் புரோவிலும் டாவின்சி ரிசால்வ்விலும் `Linked Selection` பொத்தானை அணைக்கலாம். அல்லது `Alt` விசையை (மேக்கில் `Option`) அழுத்திக்கொண்டு படத்தின் வெட்டுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். பிரீமியரில் இதற்கான கருவி `Rolling Edit`, குறுக்குவிசை `N`.

வெட்டுப்புள்ளியை இடதுபக்கம் உருட்டினால் புதிய படம் சீக்கிரம் வரும், பழைய ஒலி தொடரும், எல்-கட் ஆகிவிடும். வலதுபக்கம் உருட்டினால் பழைய படம் நீடிக்கும், புதிய ஒலி முந்தும், ஜே-கட். உருட்டுவதில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் குறைகிற ஃபிரேமை மறுபக்கம் ஈடுகட்டிவிடும். டைம்லைனின் மொத்த நீளம் மாறாது, உதட்டசைவும் குரலும் விலகாது.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இடதுபக்கம் உருட்ட, இரண்டாவது கிளிப்பின் தொடக்கத்தில் பயன்படுத்தாத படம் மிச்சம் இருக்கவேண்டும். வலதுபக்கம் உருட்ட, முதல் கிளிப்பின் கடைசியில் மிச்சம் இருக்கவேண்டும். இந்த மிச்சத்தை எடிட்டர்கள் ‘ஹேண்டில்’ என்பார்கள். பதில் முடிந்த மறுகணமே கேமராவை நிறுத்தும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், எடிட்டில் ஹேண்டில் இருக்காது. தாத்தா பேசி முடித்தபின் ஒரு ஐந்து நொடியாவது விட்டிருந்தால்தான் மேலே சொன்ன மூன்றாவது வழியே சாத்தியம்.

படத்தை உருட்டுவதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. இப்போதும் ஒலிப் பட்டையில் தாத்தாவின் சத்தம் ஓரிடத்தில் முடிந்து ரயில் சத்தம் அங்கேயே தொடங்குகிறது. அதாவது காதுக்கு அது இன்னமும் நேர்வெட்டுதான். உண்மையான படர்தல் வேண்டுமென்றால் இரண்டு ஒலிகளையும் வேறு வேறு டிராக்கில் வையுங்கள். தாத்தா முதல் டிராக், பேத்தி இரண்டாவது டிராக். இரண்டின் விளிம்புகளையும் நீட்டி, ஒன்று இறங்க இன்னொன்று ஏறும்படி ஃபேட் கொடுங்கள். பேச்சுக்கு நடுவே உள்ள சிறிய ஒட்டுகளுக்கு இரண்டு முதல் நான்கு ஃபிரேம் போதும். காட்சி மாறும் இடத்தில் சூழல் சத்தத்துக்கு ஒன்று இரண்டு நொடி தேவைப்படும்.

எங்கே தவறு நடக்கும்?

அதிகம் நடக்கும் தவறு குரலில் இல்லை, குரலுக்குப் பின்னால் இருக்கும் காற்றில் இருக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அடிச்சத்தம் உண்டு. தாத்தா திண்ணையில் காகம், தூரத்து ஆட்டோ, உள்ளே ஓடும் மின்விசிறி. குரல் முடிந்ததும் கிளிப்பை வெட்டினால், அந்த அடிச்சத்தமும் சட்டென்று நின்றுபோகும். பேச்சு சரியாகத்தானே முடிந்தது, ஏன் உறுத்துகிறது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். நின்றது காற்று.

இதற்கு மருந்து படப்பிடிப்பிலேயே இருக்கிறது. எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அதே மைக்கை அதே இடத்தில் வைத்து, முப்பது நொடி முதல் ஒரு நிமிடம் வரை வெறும் இடத்தைப் பதிவு செய்யுங்கள். இதற்கு ‘ரூம் டோன்’ என்று பெயர். எடிட்டில் இடைவெளிகளுக்கு அடியில் இதை விரித்துவிட்டால் ஒட்டு மறையும்.

இரண்டாவது தவறு, நீட்டிய ஒலிக்குள் வேண்டாதது மறைந்திருப்பது. ஃபிரேமை நீட்டும்போது ‘சரி தாத்தா, போதும்’ என்ற உங்கள் குரலோ, மைக்கில் உரசிய வேட்டியின் சத்தமோ கூட வந்துவிடும். ரயில் சத்தத்துக்கு அடியில் தெரியாது என்று விடாதீர்கள். ஹெட்போனில் கேட்பவருக்குத் தெரியும்.

மூன்றாவது, படத்துக்குப் பதில் தவறுதலாகப் பேச்சையே நகர்த்திவிடுவது. கிளிப்பின் மேல் சிவப்பில் ஒரு எண் தோன்றினால், படமும் ஒலியும் அத்தனை ஃபிரேம் விலகிவிட்டன என்று பொருள். நாலைந்து ஃபிரேம் விலகினாலே உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

சரிபார்க்க எளிய வழி இரண்டு. முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எங்கே வெட்டு என்று காதாலேயே சொல்ல முடிந்தால் ஒலி ஒட்டு சரியில்லை. பிறகு ஒலியை அணைத்துவிட்டு பாருங்கள். யார் யாரைக் கேட்கிறார் என்பது முகங்களிலேயே புரிந்தால் படத்தின் வெட்டுகள் சரியான இடத்தில் இருக்கின்றன.

சப்டைட்டில் போடும் படம் என்றால் இன்னொரு முறை பார்க்கவேண்டும். எல்-கட்டில் தாத்தாவின் வரி பேத்தியின் முகத்துக்குக் கீழே நிற்கும். தமிழ் தெரியாத ஒருவர் அதைப் பேத்தி நினைப்பதாகவோ பேசுவதாகவோ எடுத்துக்கொள்ளலாம். அந்த இடங்களில் பேசுபவர் பெயரைச் சேர்ப்பது, அல்லது படர்தலைக் குறைப்பது நல்லது.

எப்போது செய்யக்கூடாது?

மென்மையாக்குவதுதான் இதன் வேலை. எல்லாக் காட்சியும் மென்மையாக மாறவேண்டியதில்லை. சுரங்கத்தில் பாறை வெடித்த நாளைப் பற்றித் தாத்தா சொல்கிறார், அடுத்து பெங்களூருவில் ஏசி அறை மீட்டிங் என்றால், நேர்வெட்டின் அந்த அடிதான் உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒலியைப் படரவிட்டால், எதுவுமே முடியாத மாதிரி, எல்லாமே ஒரே நீண்ட மூச்சு மாதிரி ஆகிவிடும். நேர்வெட்டு நடுவே இருந்தால்தான் படர்தலுக்கு மதிப்பு.

ஆவணப்படத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு குரலை ஒரு முகத்தின் மேல் வைத்தால், அந்தக் குரல் அந்த முகத்தைப் பற்றித்தான் பேசுகிறது என்று பார்ப்பவர் நம்புவார். தாத்தா பொதுவாக, “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்கிறார். அந்த நேரத்தில் படம் தெருவில் நடந்துபோகும் யாரோ ஒருவரின் முகத்துக்குப் போனால், அந்த மனிதர் மேல் திருட்டுப் பட்டம் கட்டியாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, 40 ஃபிரேம் படர்தல் சொல்லிவிட்டது. கேட்பவர் முகத்தைக் காட்டும் ஷாட்டும் அப்படித்தான். வேறொரு கேள்விக்குத் தாத்தா தலையாட்டிய ஷாட்டை எடுத்து இந்தக் கேள்வியின் வாலில் ஒட்டினால், அவர் ஒப்புக்கொள்ளாத ஒன்றை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். கற்பனைப் படத்தில் அது நடிப்பு. வீட்டுத் தாத்தாவிடம் அது துரோகம்.

‘கே.ஜி.எஃப்’ படத்துக்கும் நம் திண்ணைக் காட்சிக்கும் வேறுபாடு இங்கேதான். அங்கே இங்கலகியின் குரலுக்கு அடியில் வரும் படங்கள் எல்லாம் அந்தக் கதைக்காகவே எடுக்கப்பட்டவை. இங்கே குரல் ஒரு நிஜ மனிதருடையது, படம் இன்னொரு நிஜ மனிதருடையது. இரண்டையும் எத்தனை ஃபிரேம் ஒன்றின்மேல் ஒன்று வைக்கலாம் என்பதை முடிவு செய்யும் முன், எடிட் செய்ததைத் தாத்தாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். “நான் அதைச் சொல்லலையேம்மா” என்று அவர் சொன்னால், அந்த வெட்டை மீண்டும் உருட்டுங்கள்.